தினமும் சாமைச் சோறா, பொன்னிச் சோறா? நாலு பேர் வீட்டுக்கு எது கட்டுபடியாகும்

நாலுபேர்வீடு | 9 நவம்பர் 2024, காலை 10.15

ஈரோடு. நாங்க ரெண்டு பேர், 14 வயசுப் பொண்ணு, 9 வயசுப் பையன். மாசம் 22 கிலோ பொன்னிப் புழுங்கல் (கிலோ 58), இட்லி அரிசி 8 கிலோ (45). மொத்தம் 1,636 ரூபாய். பொண்ணுக்கு ஹீமோகுளோபின் குறைவுன்னு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காங்க. சாமையில் 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் இரும்பு, வெள்ளை அரிசியில் ஒண்ணு கூட இல்லைன்னு ஒரு பட்டியல் பார்த்தேன். அதனால 30 கிலோவையும் சாமைக்கு மாத்தலாம்னு நினைக்கிறேன், இடைக்கிடை வரகும் தினையும். கடையில் விசாரிச்சா சராசரி கிலோ 105, மாசம் 3,150 ஆகுது. கூடுதலா 1,500 ரூபாய்க்கு மேல. இது தகுமா? காலையில் எட்டு மணிக்குள்ள ரெண்டு டப்பா கட்டணும், அதையும் மனசில வச்சுச் சொல்லுங்க.

புழுங்கல்_ராஜா | 9 நவம்பர், 11.02

மாத்துங்க, யோசிக்கவே வேண்டாம். வெள்ளை அரிசி வெறும் மாவுச்சத்து. சிறுதானியம் சாப்பிட்டா சுகரும் ஏறாது. நம்ம தாத்தா பாட்டி காலத்தில் எல்லாரும் இதைத்தான் சாப்பிட்டாங்க.

உமிதவிடு | 9 நவம்பர், இரவு 8.40

சின்ன மில் வச்சிருக்கேன். சாமை, வரகு, தினை, குதிரைவாலி உமி நீக்கிக் கொடுக்கிறது தொழில். வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும்.

கேழ்வரகு, கம்பு, சோளம் மூணுக்கும் உமி கிடையாது. கதிரடிச்சு, தூத்தி, அப்படியே அரைக்கலாம். மாவாக்கினா தோலோட எல்லாமே மாவுக்குள்ள வரும். சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு எல்லாம் நெல்லு மாதிரி, மேல உமி ஒட்டிக்கிட்டிருக்கும். உமியை எடுத்தாத்தான் சாப்பிட முடியும். உமிக்குள்ள இருக்கிற தவிடுதான் நீங்க காசு கொடுத்து வாங்க நினைக்கிற விஷயம்.

தவிட்டோட விட்டா ஒண்ணு ரெண்டு மாசத்தில் சிக்கு வாடை வரும், வண்டும் சீக்கிரம் விழும். கடைக்காரர் திருப்பி அனுப்பிடுவார். அதனால பெரிய மில்லுல உமி எடுத்த பிறகு இன்னொரு ஓட்டு ஓட்டித் தவிட்டையும் உரிச்சிடுவாங்க. பார்க்க வெள்ளையா அழகா இருக்கும், ஆறு மாசம் கெடாது. சத்து தவிட்டோட மாட்டுத் தீவனத்துக்குப் போயிடும். நீங்க வாங்குறது விலை கூடின வெள்ளை அரிசிதான்.

விலை ஏன் கூடுதுன்னா, சாமையோ வரகோ 100 கிலோ ஓட்டினா கைக்கு வர்ற அரிசி பல நேரம் 60 கிலோவைத் தாண்டாது. வரகுக்கு உமி பல அடுக்கு, அது இன்னும் குறையும். கல் பிரிக்கிற செலவு தனி. கேழ்வரகுக்கும் கம்புக்கும் இந்தச் செலவு எதுவும் கிடையாது.

நாலுபேர்வீடு | 9 நவம்பர், இரவு 9.05

அப்ப தீட்டாததுன்னு எழுதியிருக்கிற பாக்கெட் வாங்கினா சரியா அண்ணா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உமிதவிடு | 9 நவம்பர், இரவு 9.50

எழுத்தை நம்பாதீங்க, தானியத்தைப் பாருங்க. வெள்ளைத் தட்டுல ஒரு பிடி பரப்புங்க. தவிட்டோட இருக்கிற சாமை லேசாப் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், சில ரகத்தில் பச்சை கூட ஓடும். பச்சரிசி மாதிரி பளீர்னு வெள்ளையா இருந்தா தீட்டினது. தினை நல்ல மஞ்சளா இருக்கணும், வெளிறிப் போயிருந்தா தவிடு போயிடுச்சு. வரகு பழுப்பா இருக்கணும்.

அடுத்து, உமியோட இருக்கிற முழு மணி அங்கங்க ஒண்ணு ரெண்டு கிடக்கும். அதைப் பார்த்துட்டுக் குப்பைன்னு சண்டை போடுறவங்க உண்டு. உண்மையில் அது நல்ல அறிகுறி, மெஷினை இறுக்கி ஓட்டலைன்னு அர்த்தம். ஒரு உமி கூட இல்லாம ஒரே வெள்ளையா இருந்தாத்தான் யோசிக்கணும்.

மூக்குல வச்சுப் பாருங்க. பழைய எண்ணெய் வாடை வந்தா வாங்காதீங்க. நல்லதா கிடைச்சா ஒரு மாசத்துக்கு மட்டும் வாங்கி, பாதியை ஃபிரிட்ஜ்ல வைங்க.

தேன்மொழி_உணவியல் | 10 நவம்பர், காலை 7.30

அந்த 9.3 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில் சாமைக்கு அந்த எண் உண்டு. அதே நிறுவனம் 2017-ல் வெளியிட்ட புதிய அட்டவணையில் சாமையின் இரும்பு 100 கிராமுக்கு 1.26 மில்லிகிராம்தான். வரகு 2.34. கேழ்வரகு 4.62. கம்பு 6.42. தீட்டிய பச்சரிசி 0.65, தீட்டிய புழுங்கல் 0.72. பழைய எண்ணை வைத்துப் போட்ட படங்கள்தான் இன்றைக்கும் சுற்றுகின்றன.

ஆக, இரும்புக்காக என்றால் சாமை நீங்கள் தேடும் தானியம் அல்ல. புரதம் சாமையில் 10 கிராம், அரிசியில் 8-க்குச் சற்றுக் குறைவு. நார்ச்சத்து அரிசியைவிட நன்றாகவே கூடுதல். அதற்காகச் சாப்பிடலாம். அதுவும் உமிதவிடு சொன்ன மாதிரி தவிடு இருந்தால்.

உங்கள் மகள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. எந்தத் தானியமும் தனியாக அதைத் தராது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். சோற்றை மாற்றிவிட்டோம் என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

அசோகன்_சேலம் | 10 நவம்பர், 9.12

எங்கப்பாவுக்கு சுகர், 68 வயசு. காலையில் தினமும் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிறோம். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா இட்லி சாப்பிட்ட அன்னைக்கு வர்ற அளவேதான் வருது. கேழ்வரகுல கலப்படமா?

தேன்மொழி_உணவியல் | 10 நவம்பர், 10.40

கலப்படம் இல்லை, கஞ்சிதான் காரணம். கேழ்வரகு 100 கிராமில் மாவுச்சத்து 67 கிராம், அரிசியில் 78. பெரிய வித்தியாசம் இல்லை. இதில் மாவை நைஸாக அரைத்துத் தண்ணீராகக் காய்ச்சினால் வயிற்றில் செரிக்க வேலையே இல்லை, சீக்கிரம் சர்க்கரையாகும். அதே மாவைக் கெட்டியாகக் களி கிண்டி, கீரைக் குழம்போடு, அளவு குறைத்துக் கொடுத்துப் பாருங்கள். கொரகொரப்பாக அரைத்த மாவு இன்னும் நல்லது. சிறுதானியத்தில் சுகர் ஏறாது என்று மேலே ராஜா எழுதியிருப்பது பாதி சரி. எந்தத் தானியம், எவ்வளவு தீட்டியது, எப்படிச் சமைத்தது, எவ்வளவு தின்றது, இந்த நாலும் சேர்ந்துதான் விடை. அப்பாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை ஏதும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டாதீர்கள். பாஸ்பரஸ், பொட்டாசியம் இரண்டும் தீட்டின அரிசியைவிட இவற்றில் அதிகம்.

புழுங்கல்_ராஜா | 10 நவம்பர், 11.20

எங்க வீட்டில் சாமைக்கு மாறினதும் சாப்பிடுற அளவே குறைஞ்சிடுச்சு. சீக்கிரம் வயிறு நிறையும். அதனால 30 கிலோ தேவைப்படாது, 22 கிலோ போதும். செலவுக் கணக்கே மாறிடும்.

தேன்மொழி_உணவியல் | 10 நவம்பர், 11.45

பெரியவர்களுக்கு நடக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு அளவு குறைவது நல்லதா என்பது வேறு கேள்வி. 9 வயதுப் பையன் பாதி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருவதை வயிறு நிறைந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பாலக்கோடு_அக்கா | 10 நவம்பர், மாலை 6.10

சமையலை நான் சொல்றேன். எங்க பக்கம் களி இல்லாத வீடு கிடையாது. தர்மபுரி, நீலகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் 2023-ல இருந்து ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு தர்றாங்க. ஈரோட்டுல நீங்க கடையிலதான் வாங்கணும்.

களி நாலு பேருக்கு: ஒரு கைப்பிடி நொய்யரிசியை நாலு டம்ளர் தண்ணியில போட்டுக் குழைய வேகவிடுங்க. உப்பு போடுங்க. நொய் வெந்து தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது ரெண்டு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவுல குவியலாக் கொட்டுங்க. கிளறவே கூடாது. களிக்கட்டையால குவியலுக்கு நடுவுல ரெண்டு மூணு ஓட்டை போட்டு, தீயைச் சின்னதாக்கி, மூடி எட்டு நிமிஷம் விடுங்க. கொதிதண்ணி ஓட்டை வழியா மேல வந்து மாவை உள்ளுக்குள்ளயே வேக வைக்கும். அப்புறம் இறக்கி, பாத்திரத்தைக் காலால இடுக்கிக்கிட்டுக் கட்டையால ஓங்கிக் கிண்டணும். கையை நனைச்சுத் தொட்டா ஒட்டக் கூடாது. ஒட்டினா வேகலை, ரெண்டு கை தண்ணி தெளிச்சு மறுபடி மூடுங்க.

கட்டி விழறது எதனாலன்னா, கொதிக்கிற தண்ணியில மாவைத் தூவிக்கிட்டே கிளறுறதாலதான். மேல்பக்கம் உடனே வெந்து பசையாயிடும், உள்ள பச்சை மாவு மாட்டிக்கும். எத்தனை கிளறினாலும் உடையாது. புதுசாப் பண்றவங்க மாவுல அரை டம்ளரைப் பச்சைத்தண்ணியில கரைச்சு முதல்ல ஊத்திக் கொதிக்க விட்டு, மீதியை அப்புறம் கொட்டுங்க. கட்டி வராது.

மொத்தம் 25 நிமிஷம். குக்கர் சோறு மாதிரி வச்சுட்டு வேற வேலை பார்க்க முடியாது, கடைசி பத்து நிமிஷம் பக்கத்திலேயே நிக்கணும். அதனால காலை நேரத்துக்கு ஆகாது, ராத்திரிக்குத்தான்.

இன்னொண்ணு, மாவைச் சலிக்காதீங்க. கேழ்வரகு சுண்ணாம்புச் சத்து தோல்லதான் இருக்கு. குழந்தைக்குன்னு ஊறவச்சு அரைச்சுத் துணியில வடிகட்டிப் பால் எடுத்தாலும் பாதிச் சத்து சக்கையோட போயிடும்.

தேன்மொழி_உணவியல் | 10 நவம்பர், மாலை 6.55

சலிக்கக் கூடாது என்பது மிகச் சரி. 100 கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் 7 அல்லது 8. இந்த ஒரு விஷயத்தில் கேழ்வரகுக்கு நிகராக இன்னொரு தானியம் இல்லை. அதில் எல்லாமே உடம்பில் சேராது, தோலில் இருக்கும் பைட்டிக் அமிலம் பிடித்துவைக்கும். முளைகட்டினால், புளிக்க வைத்தால் அந்தப் பிடி தளரும். இரும்புக்கும் இதே கதைதான். அதனால் மகளுக்குக் கம்பை மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுவதைவிட, ஊறவைத்து அரைத்துப் புளிக்க வைத்துத் தோசையாகக் கொடுப்பது பலன் தரும். கூட எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று. சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பாலக்கோடு_அக்கா | 10 நவம்பர், இரவு 8.20

கம்பு தோசைக்கு அளவு: கம்பு மூணு டம்ளர், ரேஷன் புழுங்கலரிசி ஒண்ணு, உளுந்து முக்காலிலிருந்து ஒண்ணு, வெந்தயம் ஒரு ஸ்பூன். கம்பை எட்டு மணி நேரம் ஊறவைக்கணும். தோல் தடிப்பு, நாலு மணி நேரம் ஊறினது கிரைண்டர்ல அரைபடாம உருளும். ஊறுற தண்ணியை ஒருதடவை மாத்துங்க, இல்லைன்னா வாடை வரும். உளுந்தைத் தனியா அரைங்க. கம்பு மாவு சீக்கிரம் புளிக்கும். இட்லி மாவு பத்து மணி நேரம் எடுத்தா இதுக்கு ஆறு ஏழு போதும். ராத்திரி அரைச்சு வெளியில வச்சுட்டுத் தூங்கினா விடியக்காலையில பொங்கி வழியும். ராத்திரி பத்துக்கு அரைச்சு அஞ்சுக்கு எந்திரிக்கிறவங்களுக்குச் சரியா வரும்.

தோசைக்கல்லுல மாவு விரியாம திரண்டா தண்ணி பத்தலை. கம்பு மாவு நிற்க நிற்க தண்ணியை இழுத்துக்கும், ஊத்துறதுக்கு முன்னாடி கால் டம்ளர் சேர்த்துக்கங்க.

நாலுபேர்வீடு | 11 நவம்பர், காலை 9.30

அக்கா, ரொம்ப நன்றி. அரைக் கிலோ சாமை வாங்கியிருக்கேன், பழுப்பாத்தான் இருக்கு. குக்கர்ல ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி, மூணு விசில். நடுவுல விறைப்பா, மேல குழைஞ்சு வந்தது. கூடவே நற நறன்னு மண். ரெண்டு தடவை கழுவினேன்.

பாலக்கோடு_அக்கா | 11 நவம்பர், 10.05

கழுவினா மண் போகாதும்மா, அரிக்கணும். சாமையும் மண்ணும் ஒரே அளவு, சல்லடையும் பிரிக்காது. அகலமான பாத்திரம் ரெண்டு எடுங்க. ஒண்ணுல சாமையைப் போட்டு மூணு விரக்கடை தண்ணி ஊத்துங்க. பாத்திரத்தைச் சுத்துற மாதிரி லேசா ஆட்டுங்க. சாமை எழும்பி நிக்கும்போது தண்ணியோட கொஞ்சமா அடுத்த பாத்திரத்துல சாய்ங்க. மறுபடி தண்ணி, மறுபடி ஆட்டு, மறுபடி சாய்ப்பு. சாமை லேசு, தண்ணியோட போயிடும். மண்ணு கனம், அடியில தங்கும். கடைசி அரைப்பிடி வரும்போது கண்ணால பார்த்து நிறுத்துங்க. அதுக்கு மேல ஆசைப்பட்டா மண்ணும் சேர்ந்து விழும். இப்படி ரெண்டு தடவை. பழகினா அஞ்சு நிமிஷம், புதுசுல பதினஞ்சு ஆகும். ஒரு வாரத்துக்கானதை மொத்தமா அரிச்சு நிழல்ல காயவச்சு வச்சுக்கலாம்.

விறைப்புக்குக் காரணம் ஊறவைக்காததுதான். தவிடு இருந்தா தண்ணி உள்ள போக நேரம் எடுக்கும். முக்கால் மணி நேரம் ஊறணும், ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி, ரெண்டு விசில், தீயைக் குறைச்சு நாலு நிமிஷம். ஆவி தானா அடங்கட்டும். திறந்ததும் கிளறாதீங்க, பத்து நிமிஷம் கழிச்சுக் கரண்டிக் காம்பால உதிர்த்துவிடுங்க. வெள்ளைச் சாமைன்னா ஊறவைக்கவே கூடாது, ஒண்ணுக்கு ரெண்டு, ஒரு விசில். ரெண்டுக்கும் ஒரே அளவு போடுறதால்தான் பாதிப் பேர் சாமை சரியில்லைன்னு விட்டுடுறாங்க.

உமிதவிடு | 11 நவம்பர், 12.30

இதையும் சேர்த்துக்கங்க. சாமைச் சோறு ஆறினா விறைச்சு உதிரும். காலை ஏழரைக்குக் கட்டின டப்பாவை மதியம் பன்னெண்டரைக்குத் திறந்தா ரவை மாதிரி இருக்கும். சாம்பார் சாதம், தயிர் சாதம் மாதிரி ஈரப்பதமா குழைச்சுக் கொடுத்தாத்தான் தாங்கும். எலுமிச்சை சாதம், புளிசாதம் வேண்டாம்.

மாம்பலம்_வசு | 11 நவம்பர், மதியம் 2.15

ரேஷன் அரிசியைச் சொல்லியிருக்கீங்க. அதில் பிளாஸ்டிக் மாதிரி மிதக்கும் மணிகள் வருகின்றன. நாங்கள் பொறுக்கி எறிந்துவிடுகிறோம். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

தேன்மொழி_உணவியல் | 11 நவம்பர், 3.40

எறியாதீர்கள். அது செறிவூட்டிய மணி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவத்தில் அச்சில் பிழிந்து, 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ சேர்க்கிறார்கள். அடர்த்தி வேறு என்பதால் கழுவும்போது மிதக்கும், நிறமும் லேசாக மாறியிருக்கும். விதிப்படி ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது 100 கிராமுக்கு 3 முதல் 4 வரை. சாமையைவிட அதிகம், கேழ்வரகுக்குச் சற்றுக் குறைவு. மிதப்பதைப் பொறுக்கி எறிந்தால் நீங்கள் எறிவது சரியாக அதைத்தான். தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

மாம்பலம்_வசு | 11 நவம்பர், 4.20

செயற்கையாகச் சேர்த்த இரும்பும் கம்பில் இயற்கையாக இருக்கும் இரும்பும் ஒன்றாகுமா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

தேன்மொழி_உணவியல் | 11 நவம்பர், 5.00

இரண்டுமே சுலபமாக உடம்பில் சேர்வதில்லை. கம்பில் பைட்டிக் அமிலம் தடுக்கும். செறிவூட்டலில் போடுவது தண்ணீரில் எளிதில் கரையாத வகை இரும்பு, அதற்கும் புளிப்பு துணை வேண்டும். எல்லாருக்கும் இரும்பு சேர்த்த அரிசியைக் கொடுப்பது சரிதானா என்று மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது, அதை மறைக்கவில்லை. இரத்தச்சோகை உள்ள பெண் பிள்ளை இருக்கும் வீட்டில், இலவசமாக வருவதை இட்லிக்குப் போடுவதில் நான் தயங்க மாட்டேன். உங்கள் வீட்டு முடிவு உங்களுடையது.

உமிதவிடு | 12 நவம்பர், காலை 6.50

வரகு வாங்குறவங்களுக்கு. போன மாசக் கடைசியில் மத்தியப் பிரதேசம் பாந்தவ்கரில் பத்து யானைங்க வரகுக் கொல்லையில மேய்ஞ்சு செத்துச்சுன்னு செய்தி வந்துது. ரெண்டு நாளா மில்லுக்கு வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. வரகுல விஷம் கிடையாது. கதிர் முத்துற நேரத்தில் மழை பெய்ஞ்சு ஈரம் நின்னா ஒரு பூஞ்சணம் பிடிக்கும், அதோட நஞ்சுதான் பிரச்சினை. யானைங்க வயல்ல நின்ன பயிரையே கிலோக்கணக்கில் தின்னிருக்கு. நீங்க வாங்குறது காயவச்சு உமி நீக்கின அரிசி. ஆனாலும் கறுத்த மணி, பூசண வாடை, கையில பிசுபிசுப்பு இருந்தா வாங்காதீங்க. சாப்பிட்டதும் தலை சுத்தல், வாந்தி, நடுக்கம்னு வந்தா உடனே ஆஸ்பத்திரி போங்க, மிச்ச வரகை மாட்டுக்கும் போடாதீங்க.

அசோகன்_சேலம் | 12 நவம்பர், 8.30

அம்மாவுக்குத் தைராய்டு. கம்பு கூடாதுங்கிறாங்களே?

தேன்மொழி_உணவியல் | 12 நவம்பர், 9.15

தைராய்டின் வேலையைத் தடுக்கும் பொருட்கள் கம்பில் உண்டு, அது உண்மை. அயோடின் குறைவான ஊர்களில் மூன்று வேளையும் கம்பே தின்றவர்களிடம்தான் அது பெரிய பிரச்சினையாகப் பார்க்கப்பட்டது. அயோடின் உப்பு போட்டு வாரம் இரண்டு வேளை தோசை என்பது வேறு நிலைமை. ஆனாலும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் அவர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரை போட்ட உடனே எந்தத் தானியமும் வேண்டாம்.

நாலுபேர்வீடு | 13 நவம்பர், இரவு 9.40

எல்லாத்தையும் வச்சு ஒரு மாசக் கணக்கு போட்டேன். சரி பாருங்க.

மதியத்துக்கு பொன்னிப் புழுங்கல் 16 கிலோ, 928 ரூபாய். இட்லிக்கும் தோசைக்கும் ரேஷன் புழுங்கல் 4 கிலோ, காசில்லை. தோசைக்குக் கம்பு 5 கிலோ, கிலோ 50 வீதம் 250. ராத்திரிக் களிக்கும் அடைக்கும் கேழ்வரகு 4 கிலோ, 200, அரைக்கக் கூலி 40. ஞாயிற்றுக்கிழமை சாம்பார் சாதத்துக்குச் சாமை ஒரு கிலோ, 110. ஆக 30 கிலோ, 1,528 ரூபாய். இப்ப ஆகிற 1,636-ஐ விடக் கம்மி. முழுக்கச் சாமைக்குப் போயிருந்தா 3,150.

தேன்மொழி_உணவியல் | 14 நவம்பர், காலை 7.10

இரும்புக் கணக்கையும் போட்டுவிடலாம். நாலு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் தானியம். முழுக்கச் சாமை என்றால் 250 கிராமில் சுமார் 3.2 மில்லிகிராம். உங்கள் புதிய கணக்கில் கம்பு 41 கிராமில் 2.7, கேழ்வரகு 33 கிராமில் 1.5, பொன்னியில் 1, செறிவூட்டிய ரேஷன் அரிசியில் 1-க்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 6-ஐத் தாண்டுகிறது. பாதிச் செலவில் இரட்டிப்பு. மகளுக்கு 30 வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் தட்டைப்பயறு, கொள்ளு, கீரை, முட்டை, மீன், மாத்திரை இவற்றில் இருந்துதான். சாமைக்குப் போகவிருந்த 1,600 ரூபாயை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

புழுங்கல்_ராஜா | 14 நவம்பர், 8.45

இரும்பை மட்டும் வச்சு முடிவு பண்றீங்க. நார்ச்சத்து? மதியம் 16 கிலோ பொன்னி அப்படியே இருக்கே. தவிட்டுச் சாமையில் பாதியாவது மாத்தினா என்ன?

தேன்மொழி_உணவியல் | 14 நவம்பர், 9.30

நியாயமான கேள்வி. வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால் நானும் மதியச் சோற்றில் பாதியை மாற்றச் சொல்வேன். இவர்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை, மதியம் டப்பாவில்தான் போகிறது. ஒரு பொரியலும் பயறும் சேர்ந்தால் நார்ச்சத்து வந்துவிடும். அதைச் சமைக்க நேரம் இருக்கிறதா என்பது அவர்கள் சொல்ல வேண்டியது.

உமிதவிடு | 14 நவம்பர், 10.20

ராஜா சொல்றபடி பாதி மாத்துறதுன்னா நல்ல தவிட்டுச் சாமை மாசாமாசம் 8 கிலோ தொடர்ந்து கிடைக்கணும். ஜவ்வாது மலை, கொல்லிமலைப் பக்கம் சாமை விளையுது, தெரிஞ்சவங்க மூலமா நேரா வாங்கினா கிடைக்கும். கடைப் பாக்கெட்டுல ஒவ்வொரு தடவையும் அதே தரம் வரும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

நாலுபேர்வீடு | 17 நவம்பர், மாலை 7.00

கம்பு தோசை ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க. பையன் களியைத் தொட மாட்டேங்கிறான். கம்பை ரெண்டு கிலோ மாவா அரைச்சு வச்சா அவசரத்துக்கு அடை தட்டலாம்னு மில்லுக்குக் கொண்டு போகப் போறேன். சரியா?

உமிதவிடு | 17 நவம்பர், 8.15

ரெண்டு கிலோ வேண்டாம். கம்புல எண்ணெய்ப் பசை 5 கிராமுக்கு மேல, அரைச்ச நிமிஷத்திலிருந்து கெட ஆரம்பிக்கும். பத்து நாள்ல கசக்கும், வாடையும் வரும். முழுக் கம்பு மாசக்கணக்கில் இருக்கும், மாவுதான் நிற்காது. அரைக் கிலோ, மிஞ்சிப்போனா ஒரு கிலோ அரைச்சு ஃபிரிட்ஜ்ல வைங்க. அரைக்கிறதுக்கு முன்னாடி வாணலியில வாசம் வர்ற வரைக்கும் லேசா வறுத்து ஆறவச்சா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். மில்லுல கொரகொரப்பா அரைக்கச் சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடி மிளகாய் ஓட்டினாங்களான்னும் கேட்டுக்கங்க.

பாலக்கோடு_அக்கா | 17 நவம்பர், 8.50

பையனுக்குக் களியை விடுங்க, புட்டு பண்ணுங்க. கேழ்வரகு மாவுல உப்புத்தண்ணி தெளிச்சுப் பிசிறணும். கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், விரலால தட்டினா உதிரணும், அதுதான் பதம். கட்டியிருந்தா மிக்ஸியில ஒரு சுத்து. இட்லித் தட்டுல துணி போட்டு பத்து நிமிஷம் ஆவி. வெந்த மாவு கறுப்பா மாறியிருக்கும். வெளிறின திட்டு இருந்தா அங்க தண்ணி பத்தலை, தெளிச்சு இன்னும் அஞ்சு நிமிஷம். தேங்காய்ப்பூவும் நாட்டுச்சர்க்கரையும் போட்டுக் கொடுங்க. பிசிறின மாவைக் காலையிலேயே டப்பாவில போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சுட்டா, சாயந்திரம் ஸ்கூல் விட்டு வரும்போது அடுப்புல ஏத்தினா போதும்.